கடைசியில் வரும் முதல் காட்சி

என் தம்பி திருடன் அல்ல. அவன் மேனேஜராக இருந்த நகைக்கடையில் கொள்ளை போனபோது விசாரணை நடத்தியவர்களே அதை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. "பெட்டகத்தைச் சாவி போட்டுத்தானே திறந்திருக்காங்க, உடைக்கலையே?" என்று கேட்டுவிட்டு, அதற்குமேல் பேசாமல் உதட்டைப் பிதுக்குவார்கள். அந்த உதட்டுப் பிதுக்கல்தான் அவன் நெஞ்சை அரித்தது. ஒரு நாள் உட்கார்ந்த நாற்காலியிலேயே போய்ச் சேர்ந்தான்.

நடந்தது இவ்வளவுதான். பெட்டகத்தின் பூட்டு இறுகிப்போயிருந்தது. முதலாளி வெளியூரில். அவர் வந்து கத்துவதற்குமுன் சரிசெய்துவிடலாம் என்று என் தம்பி சாவியைத் தெருக்கோடிப் பூட்டுக்காரனிடம் கொடுத்து அரத்தால் ராவி வாங்கினான். பூட்டுக்காரன் ராவியதோடு நிற்காமல் அச்சும் எடுத்துக்கொண்டான். அதற்குச் சில நாள் கழித்து, மதியம் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்த நேரத்தில் இரண்டு பேர் புகுந்தார்கள். ஒருவன் என் தம்பியைக் கண்ணாடி அலமாரியோடு சேர்த்து அழுத்தினான். கண்ணாடி உடைந்து உள்ளங்கை கிழிந்தது, மூக்குக்கண்ணாடியும் விரிசல் விட்டது. மற்றவன் கள்ளச்சாவியால் பெட்டகத்தைத் திறந்தான். அன்று சாயங்காலமே என் தம்பி கையில் கட்டோடு பூட்டுக்காரனிடம் போய்ச் சட்டையைப் பிடித்தான். அவன் வாயைத் திறக்கவில்லை. போலீஸ்தான் திறக்க வைத்தது.

இதை நேராகச் சொன்னால் பச்சைக் குழந்தைக்கும் புரியும். ஆனால் என் தம்பி மகன் சினிமா இயக்குநர். அவர்களுக்கு நேர்கோடு என்றால் வேப்பங்காய்.

அவன் முதல் படமே அப்பாவின் கதை என்று கேள்விப்பட்டபோது, அவன் அம்மாவை அழைத்துக் கேட்டேன். "உனக்குத் தெரிஞ்சுதானா இது?"

"எடுத்து முடிச்சப்புறம்தான் மாமா சொன்னான். நீங்க பாத்துட்டு சரின்னு சொன்னாத்தான் வெளிய விடணும்னு சொல்லிட்டேன். சத்தியம் வாங்கியிருக்கேன்."

அந்த ஒரு காரியத்துக்காக அவளை மெச்சினேன். கருப்புத் துணி ஒட்டிய சுவர்களும், குளிர் சாதனத்தின் பூசண வாசனையும் கொண்ட ஒரு சின்னத் திரையரங்கில் என்னை உட்கார வைத்தார்கள். படம் தொடங்கியது. முதல் காட்சியிலேயே என் தம்பியாக நடித்தவன் குழாயடியில் ரத்தக் கையைக் கழுவிக்கொண்டு, கண்ணாடியில் தன் முகத்தைத் தானே திருட்டு முழி முழித்துப் பார்க்கிறான். கடைசிக் காட்சியில் பட்டறை மேஜைமேல் சாவியை வைக்கிறான். பூட்டுக்காரன் அதன்மேல் துணியைப் போடுகிறான். "யாருக்கும் தெரிய வேணாம்" என்கிறான் என் தம்பி. இருள். முடிந்தது.

விளக்கு வந்ததும் எழுந்தேன்.

"பெரியப்பா, எப்படி..."

"உங்கப்பனைக் கொன்னது ஊரு. கொள்ளி வெச்சது நீ."

"கடைசியா வர்ற சீன் கடைசியா நடந்தது இல்ல பெரியப்பா. அதுதான் முதல்ல நடந்தது."

"அப்போ முதல்ல காட்டித் தொலைய வேண்டியதுதானே? தலையில போடுற தொப்பியைக் கால்ல மாட்டிட்டு, இது புது ஃபேஷன்னா?"

என்னைப் பக்கத்து அறைக்கு அழைத்துப்போனான். அங்கே எடிட்டர் இருந்தாள். கழுத்தில் ஹெட்போனைத் தொங்கவிட்டிருந்த நடுவயதுப் பெண். இயக்குநரைவிட அவளுக்குத் துணிச்சல் அதிகம். "உக்காருங்க சார். திட்டுறதுன்னா முழுசாத் தெரிஞ்சுக்கிட்டுத் திட்டுங்க" என்றாள். அவள் பின்னால் இருந்த சுவர் முழுக்க மூன்று நிறங்களில் அட்டைகள் குத்தியிருந்தன. ஒரு அட்டைக்கு ஒரு காட்சி. நீலம் போலீஸ் விசாரணை, சிவப்பு கொள்ளை, மஞ்சள் பூட்டுக்காரன்.

"இது திரையில வர்ற வரிசை" என்றாள். பிறகு அட்டைகளைப் பிடுங்கிப் பிடுங்கிக் கீழே வேறு வரிசையில் குத்தினாள். "இது நடந்த வரிசை. நீலம் மட்டும் ரெண்டுலயும் முன்னாலதான் போகுது, பாருங்க. விசாரணை இன்னைக்கு, நாளைக்கு, மறுநாள்னு நேரா நகரும். பாக்கிறவங்க காலூன்றிக்க அது ஒண்ணுதான் தரை. சிவப்பு அப்படியே தலைகீழ். கொள்ளையோட கடைசித் துண்டு முதல்ல, அதுக்கு முந்தினது அடுத்து."

"பாக்கிறவனுக்கு அது தலைகீழ்னு யாரு சொல்றது? நீ தியேட்டர் தியேட்டராப் போய் நிப்பியா?"

"சத்தம் சொல்லும் சார்."

அவள் ஓட்டிக் காட்டினாள். கை கழுவும் துண்டு, குழாயைத் திருகும் கிரீச்சென்ற சத்தத்தோடு தொடங்குகிறது. அடுத்து வரும் சிவப்புத் துண்டில் பெட்டகம் காலி, அலமாரி உடைந்து கிடக்கிறது, அவன் தள்ளாடி நடக்கிறான். அது அதே கிரீச்சில் முடிகிறது. அப்படியானால் இரண்டாவதாகப் பார்த்தது முதலாவதுக்கு முன்னால் நடந்தது. அந்தத் துண்டு தொடங்கியது பெட்டகம் திறக்கும் 'கடக்' சத்தத்தில். மூன்றாவது துண்டு, ஆட்கள் புகுவது, அதே 'கடக்'கில் முடிகிறது. அது தொடங்கியது ஷட்டர் இறங்கும் ஓசையில். நான்காவது, வியாபாரம் நடக்கும் காலை, அதே ஷட்டரில் வந்து முட்டுகிறது. ஒவ்வொன்றின் வாலும், அதற்கு முன் காட்டியதன் தலையைக் கவ்வியிருந்தது.

"ஒரு தடவை வந்தா தற்செயல்னு விட்டுருவாங்க. ரெண்டாவது தடவை வர்றப்போ, ஓஹோ, இது பின்னால போகுதுன்னு விதியைப் பிடிச்சுப்பாங்க" என்றான் தம்பி மகன். "அப்புறம் பொருளெல்லாம் இருக்கு. அலமாரி முழுசா இருந்தா கொள்ளைக்கு முன்னாடி, பலகை அடிச்சிருந்தா பின்னாடி. அப்பா மூக்குக்கண்ணாடியில விரிசல் இல்லன்னா முன்னாடி, இருந்தா பின்னாடி. கையில கட்டும் அப்படித்தான். உடைஞ்சது தானா ஒட்டாதுல்ல பெரியப்பா? அதனால உடைஞ்சது எப்பவும் பின்னாடிதான்."

"மஞ்சள்?"

"அதுதான் வில்லங்கம். பூட்டுக்காரன் வர்ற காட்சி நிறைய இல்ல, சிதறிக் கிடக்கும். ஒண்ணுல அவன் பட்டறையில போன் அடிக்கும், எடுக்க மாட்டான். ரொம்ப நேரம் கழிச்சு அப்பா கட்டுப் போட்ட கையால டயல் பண்ணுவாரு, மணி அடிச்சுக்கிட்டே இருக்கும். ஒரே போன், ரெண்டு முனை. அங்க மஞ்சளும் நீலமும் தைக்கப்படுது. அப்புறம் யாருக்கு எப்போ என்ன தெரியும்னு பாக்கணும். முதலாளி பேரைச் சொல்லி அப்பா பயப்படுறார்னா கொள்ளை இன்னும் நடக்கல, நடந்ததுக்கப்புறம் அவருக்கு பயம் போலீஸ்கிட்ட."

ஒழுங்காக இருந்த சீட்டுக்கட்டைக் கலைத்துப்போட்டு, அதை அடுக்குகிற வேலையைக் காசு கொடுத்து வந்தவன் தலையில் கட்டுகிற பிழைப்பு. அதைச் சொன்னேன். இருவரும் சிரித்தார்கள். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

"நேராச் சொன்னா என்ன கெட்டுப்போச்சு? அதைச் சொல்லு முதல்ல."

அவன் சிரிப்பை நிறுத்தினான். "நேராச் சொன்னா, முதல் சீன்லயே அப்பா பூட்டு ரிப்பேருக்குச் சாவி குடுக்கிறார். யாரும் அவரைச் சந்தேகப்பட மாட்டாங்க. ஐயோ பாவம்னுட்டு எழுந்து போயிருவாங்க. ஆனா இந்த ஊரு அவரைச் சந்தேகப்பட்டுச்சு பெரியப்பா. தியேட்டர்ல இருக்கிறவனும் படம் முழுக்கச் சந்தேகப்படணும். கடைசி சீன்ல அது ரிப்பேருக்குக் குடுத்த சாவிதான்னு தெரியறப்போ, தப்பு அப்பா மேல இல்ல, தன் மேலன்னு அவனுக்கு உறைக்கணும்."

அவன் சொன்னதில் ஒரு வழக்கு இருந்தது. ஆனால் வழக்கு இருந்தால் போதாது, தீர்ப்பும் வர வேண்டும். எனக்கு ஒரு ஆள் நினைவுக்கு வந்தான்.

எங்கள் பங்காளி ஒருவன் உண்டு. ஒன்றுவிட்ட தம்பி. கோர்ட் வாசலை மிதிக்காமலேயே ஊரில் 'வக்கீல்' என்று பேர் வாங்கியவன். கல்யாண வீடோ சாவு வீடோ, நுழைந்த இடத்தில் வழக்குப் பேசுவான். என் தம்பிமேல் உதட்டைப் பிதுக்கியவர்களில் முதல் உதடு அவனுடையது. அவன் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, நடந்த வரிசையைத் தானே அடுக்கி, என் தம்பி குற்றமற்றவன் என்று சொல்லிவிட்டால் உலகமே சொன்ன மாதிரி. அவன் சொல்லாவிட்டால் படம் பெட்டிக்குள்ளேயே கிடக்கட்டும் என்றேன்.

"அவர் வேணும்னே தப்பாச் சொல்லுவாரு பெரியப்பா" என்று அலறினான் பையன்.

"நல்லவனுக்குப் புரிய வைக்க நீ எதுக்கு? அதுக்கு நானே போதும். பொல்லாதவன் வாயில வரணும்."

வக்கீல் வந்தான். திரையரங்கில் காலைமேல் கால் போட்டு உட்கார்ந்தான். நான் அவனுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்து, திரையைவிட அவன் பிடரியைத்தான் அதிகம் பார்த்தேன். முதலில் அசட்டையாகச் சாய்ந்திருந்தவன், ஷட்டர் சத்தம் இரண்டாம் முறை வந்தபோது நிமிர்ந்தான். போன் மணி அடித்தபோது விரலால் தொடையில் தட்டினான். ஆள் முட்டாள் அல்ல. அதுதான் அவனிடம் உள்ள கேடு.

விளக்கு வந்தது.

"அண்ணே, கோவிச்சுக்கக் கூடாது. படம் நல்லா இருக்கு. ஆனா உங்க தம்பிதான் திருடன்னு நல்லா ஆணியடிச்சுச் சொல்லியிருக்கான் உங்க பையன்."

"எப்படி?"

"கடைசி சீன் முதல்ல நடந்ததுன்னு நினைக்க வைக்கப் பாக்குறான். நான் ஏமாறுவேனா? சாவியைக் குடுக்கிறப்போ கையில கட்டு இருக்கு. கட்டு வந்தது கொள்ளையிலதானே? அப்போ கொள்ளை முடிஞ்சப்புறம் சாவியைக் கொண்டுபோய் பூட்டுக்காரன்கிட்ட மறைச்சு வைக்கிறான். 'யாருக்கும் தெரிய வேணாம்.' ஏன் தெரிய வேணாம்? அதுதான் பெட்டகத்தைத் திறந்த சாவி. கள்ளச்சாவியெல்லாம் கட்டுக்கதை."

"மூக்குக்கண்ணாடி முழுசா இருந்துச்சே? கொள்ளையில விரிசல் விட்டுச்சுல்ல?"

"புதுசு வாங்கியிருப்பான். கண்ணாடி கடையில கிடைக்கும். கை கடையில கிடைக்குமா?"

தனக்குப் பிடித்த சாட்சியைக் கூண்டில் ஏற்றி, பிடிக்காத சாட்சியை வாசலோடு விரட்டும் அவன் வழக்கம் எனக்குத் தெரியாததல்ல. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வேலை முடிந்தது என்ற மிடுக்கில் போனான்.

"பாத்தீங்களா, நான்தான் சொன்னேனே" என்றான் பையன். "இல்லாத கட்டை இருக்குன்னு சொல்றாரு. பொய்."

"அவன் அயோக்கியன். குருடன் இல்ல. அந்த சீனை மறுபடி போடு."

எடிட்டர் போட்டாள். பட்டறை, மேஜை, கை.

"நிறுத்து."

சட்டையின் முழுக்கை மணிக்கட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. அதன் ஓரத்தில், உள்ளங்கையைச் சுற்றி வெள்ளையாக ஒரு பட்டை. கட்டேதான். சாவி அந்தக் கையிலிருந்துதான் மேஜைக்கு இறங்கியது.

எடிட்டர் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"பட்டறை சீன் எல்லாத்தையும் ஒரே நாள்ல எடுத்தோம்" என்றான் பையன், சுவரைப் பார்த்தபடி. "இடம் ஒண்ணுங்கிறதால. முதல்ல அப்பா சண்டை போடுற சீன். கட்டு இருக்கணும். அப்புறம் சாவி குடுக்கிற சீன். கண்ணாடியை மாத்தினோம். கட்டை அவிழ்க்கல."

"ஏன் அவிழ்க்கல?"

"மறந்துட்டோம் பெரியப்பா."

"எத்தனை பேர் நின்னீங்க அங்க? விளக்குக்கு ஒருத்தன், குடைக்கு ஒருத்தன், டீக்கு ஒருத்தன். எந்த சீன்ல எந்தச் சட்டை, எந்தப் பொட்டுன்னு பாக்கிறதுக்குன்னே ஒரு ஆள் இருப்பான்ல? ஒருத்தன் கண்ணுலயும் படல. இங்க உக்காந்து வெட்டி ஒட்டினப்போ?"

எடிட்டர் தானே பதில் சொன்னாள். "எனக்கு வரிசை தெரியும் சார். அதனால நான் தடயத்தைத் தேடவே இல்ல. தெரியாம வந்தவர்தான் கையைப் பாக்கிறாரு. எங்க கண்ணுக்கு அது 'சாவி குடுக்கிற சீன்', அவ்ளோதான்."

இப்படி ஒரு தொழில். உடைந்தது தானாக ஒட்டாது என்று எனக்குப் பாடம் எடுத்தவர்கள், கிழியாத கையைக் கிழிந்ததாகக் காட்டி என் தம்பியை இரண்டாம் முறை திருடனாக்கப் பார்த்தார்கள். முதல்முறை ஊருக்குப் பொறாமை என்ற காரணமாவது இருந்தது. இவர்களுக்கு அதுகூட இல்லை. வெறும் சோம்பல்.

"திருப்பி எடு."

"அந்த நடிகர் வேற படத்துக்குத் தாடி வளர்த்துட்டாரு. பட்டறை செட்டையும் பிரிச்சாச்சு."

"அப்போ படத்தையும் பிரிச்சுரு. உங்கம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அவன் முகம் அப்போது அவன் அப்பாவின் முகம்போல ஆனது. விசாரணை அறையிலிருந்து வெளியே வந்த நாளில் பார்த்த முகம். நான் பார்வையை எடிட்டர் பக்கம் திருப்பினேன். அவள் அதற்குள் காட்சியை முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆள் முழுசாத் தெரியற ஷாட்டுல கை கீழ் ஓரத்துலதான் இருக்கு. படத்தைக் கொஞ்சம் பெரிசு பண்ணினா கை வெளிய போயிரும். மூக்குக்கண்ணாடி இன்னும் பளிச்சுன்னு தெரியும். 'யாருக்கும் தெரிய வேணாம்'ங்கிறதைப் பூட்டுக்காரன் முகத்து மேல ஓட விடலாம். குரல் மட்டும் வந்தாப் போதும். முதலாளி வந்தாக் கத்துவாருன்னு சொல்ற வரியை நீளம்னு வெட்டியிருந்தோம், அதையும் அதே முகத்து மேல திருப்பிச் சேக்கலாம். ஆனா சாவியை மேஜையில வைக்கிற குளோஸப்பைப் புதுசா எடுத்தாகணும். அது இல்லாம சீன் இல்ல. வெறும் கை, ஒரு பலகை, ஒரு சாவி. யார் கை வேணா இருக்கலாம்."

"யார் கை வேணா இருக்க முடியாது" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் பையனின் கையைப் பார்த்தேன். நீண்ட விரல், நடுவிரலில் மட்டும் லேசான வளைவு. எங்கள் வீட்டுக் கை. என் தம்பிக்கும் அதே வளைவு.

அந்த நடிகனின் சட்டையைத் தேடி எடுத்து இஸ்திரி போட்டார்கள். மேஜைக்கு, பிரித்துப்போட்ட செட்டில் கிடந்த அதே பலகை. ஜன்னலில் ஒரு துணியைக் கட்டி வெளிச்சத்தைப் பழையபடி மங்கலாக்கினார்கள். பையன் சட்டையை மாட்டிக்கொண்டு சாவியை வைத்தான். சரியில்லை என்றேன். அவன் சினிமாக்காரன்மாதிரி, நாலு பேர் பார்க்கிற பொருளை வைப்பதுபோல வைத்தான்.

"உங்கப்பன் எதையும் அப்படி வெக்க மாட்டான். வெச்சுட்டு ஒரு விரலால நேரா நகத்தி வைப்பான். கோணலா இருந்தா அவனுக்குத் தூக்கம் வராது."

மறுபடி வைத்தான். வளைந்த விரலால் மெல்ல நகர்த்தினான். எடிட்டர் "கட்" என்று சொல்ல மறந்து நின்றாள். தொழில் தெரிந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள்.

பழுதைச் சரிசெய்தபின் ஒரு பொதுத் திரையரங்கில் தெரிந்தவர் தெரியாதவர் என்று ஆட்களைக் கூட்டிப் போட்டுக் காட்டினார்கள். தம்பி மனைவி முதல்முறையாகப் பார்த்தாள். வக்கீலுக்கும் சொல்லி அனுப்பினேன். "இன்னொரு தடவையா?" என்று சலித்துக்கொண்டே முதல் ஆளாக வந்தான்.

படம் முடிந்ததும் வெளிக்கூடத்தில் கூட்டம் கலைந்து நின்றது. வக்கீல் நேராக என்னிடம் வந்தான்.

"அண்ணே, இந்தத் தடவை கட்டு இல்லையே?"

"ஆமா. அவிழ்க்க மறந்துட்டானுங்களாம். சரி பண்ணிட்டானுங்க."

வாயில் போட்டதை மெல்வதா துப்புவதா என்று தெரியாதவன்போலத் தாடையை அசைத்தான். அவன் என்ன சொல்லியிருப்பானோ தெரியாது. அதற்குள் பக்கத்தில் ஒரு பருத்த மனிதர் தன் மனைவியிடம் சத்தமாகச் சொன்னார்.

"மேனேஜர்தான் கள்ளன். அதான் கடைசியில சாவியைக் குடுக்கிறானே, பாத்தல்ல?"

தம்பி மனைவி என் பக்கத்தில்தான் நின்றாள். நான் வாயைத் திறக்கும் முன் வக்கீல் திரும்பிவிட்டான்.

"யோவ், படம் பாத்தியா, தூங்கினியா?"

"என்னய்யா சொல்றீங்க?"

"கடைசியில காட்டினா கடைசியில நடந்ததுன்னு அர்த்தமா? சாவி குடுக்கிறப்போ மூக்குக்கண்ணாடி எப்படி இருந்துச்சு?"

"கவனிக்கல."

"கவனிக்கல! காசு குடுத்தா உள்ள வந்த? விரிசல் இல்ல. கையிலயும் கட்டு இல்ல. பயந்தது யாருக்கு? முதலாளிக்கு. போலீஸ் பேரே எடுக்கலையே! அப்போ இன்னும் கொள்ளையே நடக்கலய்யா. பூட்டு ரிப்பேருக்குச் சாவி குடுக்கிறாரு மனுசன். இது தெரியாம கள்ளன் கிள்ளன்னு பேசுற? நான் அந்த மூக்குக்கண்ணாடியை முதல் தடவையே பிடிச்சேன். என் அண்ணன்கிட்டக் கேளு."

என்னைச் சாட்சிக்கு அழைத்தான். முதல் தடவை அதைப் 'புதுசு வாங்கியிருப்பான்' என்று தள்ளியவனே அவன்தான். என் தம்பிக்காகப் பேசினான் என்று யாரும் ஏமாற வேண்டாம். அவன் பேசியது தன் மூளைக்காக. என் தம்பி நல்லவன் என்பதற்காக ஒரு மூச்சுக்காற்றைக்கூட அவன் செலவழித்திருக்க மாட்டான். தான் கண்டுபிடித்ததை இன்னொருவன் கண்டுபிடிக்கவில்லை என்பதற்காகக் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான். அற்பன் வாயிலிருந்து வந்தாலும் தீர்ப்பு தீர்ப்புதான்.

தம்பி மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாமா?" என்றாள். பையன் தூணருகே நின்றான். பக்கத்தில் வரத் துணிவில்லை.

"வெளிய விடச் சொல்லு" என்றேன்.

அவள் மகனிடம் போனாள். வக்கீல் இன்னும் முடிக்கவில்லை. அந்தப் பருத்த மனிதரின் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, ஷட்டர் இறங்கும் சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டிக்கொண்டிருந்தான்.